நீசச் சுக்கிரன் அன்பில்லாதவரா?

சுக்கிரன் கன்னியில் நின்றால் 'நீசம்' என்ற ஒரே சொல்லோடு பலர் ஜாதகத்தை மூடிவிடுகிறார்கள். அந்தச் சொல் எத்தனையோ வரன்களைத் தட்டிக் கழித்திருக்கிறது. சுக்கிரன் நின்ற ராசி, வீடு, அதன் மேல் விழும் பார்வை மூன்றையும் சேர்த்துப் படித்தால் வேறு ஒரு மனிதர் தெரிவார்.

1988 நவம்பர் முதல் வாரத்தில், இரவு ஒன்பதரை மணியளவில் சென்னையில் பிறந்த ஒருவரை எடுத்துக்கொள்வோம். மிதுன லக்னம். நான்காம் வீடான கன்னியில் சுக்கிரன்.

கன்னி புதனுடைய ராசி. கணக்கும் நுணுக்கமும் பார்க்கும் இடம். சுக்கிரன் இங்கே கொஞ்சிப் பேசாது. மாத்திரை தீரும் முன்பே வாங்கி வைப்பது, சட்டையில் விட்டுப்போன பொத்தானைத் தைத்துத் தருவது, இதுதான் இவர் காட்டும் அன்பு. குறை சொல்வதையும் அக்கறையாகவே நினைப்பார். கேட்பவருக்கு அது குத்தும். நீசம் என்பதன் உண்மையான வலி அங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். அன்பு இருக்கும், அது அன்பாகப் போய்ச் சேராது.

ஆனால் நான்காம் வீட்டில் சுக்கிரனுக்குத் திக்பலம் உண்டு. ராசியில் இழந்ததை இடத்தில் ஓரளவு மீட்டுக்கொள்கிறது. நான்கு என்பது தாய், வீடு, மனச்சுகம். எனவே இவர் வெளியே வாங்கித் தரும் பரிசைவிட வீட்டுக்குள் கிடைக்கும் நிம்மதியையே எதிர்பார்ப்பார். சாப்பிட்டாயா என்று யாராவது கேட்க வேண்டும். தான் செய்ததை யாராவது கவனிக்க வேண்டும்.

இனி பார்வை. அந்த வாரம் தனுசிலிருந்து சனி பத்தாம் பார்வையாலும், மீனத்திலிருந்து செவ்வாய் ஏழாம் பார்வையாலும், ரிஷபத்திலிருந்து குரு ஐந்தாம் பார்வையாலும் கன்னியைப் பார்த்தார்கள். சனி பார்த்தால் மனம் திறக்க நாளாகும்; நிராகரிப்பார்களோ என்ற பயம் முந்திக்கொள்ளும். செவ்வாய்க்கோ அவசரம். இந்த இழுபறியில் நெடுநாள் அடக்கி வைத்தது ஒருநாள் கோபமாக வெடிக்கும். குருவின் பார்வை மட்டும் இல்லையென்றால் அந்தக் கோபம் ஆறாது. அது இருப்பதால் மன்னித்துவிட்டுத் திரும்பி வருகிறார்.

பிறந்த நேரம் தவறினால் இந்த வாசிப்பு நிற்காது. அதே நாள் ஏழரை மணிக்குப் பிறந்தவருக்கு லக்னம் ரிஷபம், சுக்கிரன் ஐந்தில். நிம்மதியான வீடு என்ற பேச்சு போய், காதலும் குழந்தைகளும் முன்னால் வரும். மேற்கத்திய ஜோதிடமோ ராசியையே மாற்றிவிடும். அயனாம்ச வித்தியாசம் ஏறத்தாழ 24 பாகை என்பதால், அதே சுக்கிரன் அவர்கள் கணக்கில் சொந்த வீடான துலாமில் இருக்கும். ராசியை அங்கிருந்தும் பார்வையை இங்கிருந்தும் எடுத்துப் பலன் சொல்பவரிடம் எந்த முறையில் கணித்தீர்கள் என்று தயங்காமல் கேளுங்கள்.