தலைக்கு மேலே வரும்போதுதான் அவசரம்

சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம் வானொலிக்காரர்களுக்காக ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. அது இயங்கும் நாட்களில், தரையிலிருந்து 145.990 மெகாஹெர்ட்ஸில் பேசுவதை வாங்கி 437.800-இல் திருப்பி அனுப்பும். ஆனால் ரிசீவரை 437.800-இலேயே வைத்துக் காத்திருந்தால், நிலையம் அடிவானத்தில் ஏறி நான்கு நிமிடம் ஆனாலும் பேச்சு தெளியாது. சிக்னல் அப்போது 437.810-ஐ ஒட்டி வந்துகொண்டிருக்கும்.

நிலையம் விநாடிக்கு 7.66 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. அதிர்வெண்ணை மாற்றுவது அந்த முழு வேகம் அல்ல. நம்மை நோக்கி வருகிற, அல்லது நம்மை விட்டு விலகுகிற பங்கு மட்டுமே. அடிவானத்தில் இருக்கும்போது அந்தப் பங்கு ஏறக்குறைய 7.2 கிலோமீட்டர். ஒளியின் வேகமான 3 லட்சம் கிலோமீட்டரால் அதை வகுத்து 437.8-ஆல் பெருக்கினால் 10.5 கிலோஹெர்ட்ஸ் வரும். வரும்போது அவ்வளவு கூடுதல். மறையும்போது அவ்வளவு குறைவு. நேர் தலைக்கு மேலே நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை என்பதால் மாற்றம் பூஜ்ஜியம்.

இந்தச் சரிவு ஒரே சீராக இறங்குவதில்லை. நிலையம் உச்சியைக் கடக்கும் பயணத்தில் முதல் நான்கு நிமிடம் 437.810-ஐ அசைக்கவே வேண்டாம். பிறகு 437.805, 437.800, 437.795 மூன்றும் இரண்டு நிமிடத்துக்குள் ஓடிவிடும். கடைசி நான்கு நிமிடம் 437.790. கைவானொலி வைத்திருப்பவர்கள் இந்த ஐந்தையும் முன்கூட்டியே நினைவில் பதிந்துவைத்து, ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள். எஃப்எம்மில் இரண்டரை கிலோஹெர்ட்ஸ் பிசகினாலும் பேச்சு புரியும் என்பதால் இது போதும்.

குறுகிய அலைவரிசையில் தரவு அனுப்பும் செயற்கைக்கோள்களுக்கு இது போதாது. அங்கே கணினிதான் ரிசீவரை நகர்த்த வேண்டும். செயற்கைக்கோளின் சுற்றுப்பாதைத் தரவு, நாம் நிற்கும் இடம், சரியான நேரம் மூன்றையும் கொடுத்தால், Gpredict போன்ற மென்பொருள் ஒவ்வொரு கணத்துக்கும் உரிய அதிர்வெண்ணைக் கணித்து ரிசீவருக்குச் சொல்லும். மிஞ்சும் சிறு பிசகை, சிக்னலையே பார்த்து ஒட்டிப் பிடிக்கும் சுற்று சரிசெய்துகொள்ளும்.

கணிப்பு சரியா என்பதை வாட்டர்ஃபால் திரை காட்டிக்கொடுக்கும். எல்லாம் சரியென்றால் சிக்னல் நேர்கோடாக இறங்கும். கோடு நேராக இருந்தும் முழுவதும் ஒரு பக்கம் தள்ளியிருந்தால், பெரும்பாலும் ரிசீவரின் படிகம் பிசகியிருக்கிறது. பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகே இங்கே 438 ஹெர்ட்ஸ். இரு முனையும் சரியாக இருந்து நடுவில் மட்டும் கோடு புடைத்தால் தவறு நேரத்தில். உச்சியில் அதிர்வெண் விநாடிக்கு 190 ஹெர்ட்ஸ் சரிவதால், கணினிக் கடிகாரம் மூன்று விநாடி தவறினால் ஏறக்குறைய 570 ஹெர்ட்ஸ் புடைப்பு தெரியும். கடிகாரத்தைச் சரிசெய்தும் புடைப்பு மாறவில்லையென்றால், சுற்றுப்பாதைத் தரவு பழசாகிவிட்டது. புதிதாக இறக்கிக்கொள்ள வேண்டும்.