தாமதத்துக்கு யார் பொறுப்பு?

கோயம்புத்தூரில் பம்ப் தயாரிக்கும் ஒரு நிறுவனம், லண்டன் வாடிக்கையாளருக்கு 10ஆம் தேதி அனுப்ப வேண்டிய சரக்கு 24ஆம் தேதிதான் கிளம்பும் என்று ஆங்கிலத்தில் மின்னஞ்சல் எழுத வேண்டியிருக்கிறது. எழுதுகிறவர் 'அபாலஜைஸ்', 'ரிக்ரெட்', 'சாரி' மூன்றில் எதைப் போடுவது? தாமதம் யாரால் வந்தது என்று கேட்டுக்கொண்டால் பாதி விடை கிடைத்துவிடும்.

ஏற்றுமதி ஆவணத்தில் அலுவலக ஊழியர் எடையைத் தவறாக எழுதியதால் சரக்கு நின்றுபோனது என்றால், தவறு நிறுவனத்துடையது. அதை ஒப்புக்கொள்ளும் சொல் 'அபாலஜைஸ்'. 'வி அபாலஜைஸ் ஃபார் த டிலே' என்று எழுத வேண்டும். 'வி அபாலஜைஸ் யூ' என்பது பிழை. ஆளைக் குறிப்பிட்டால் 'டு யூ' என்று வர வேண்டும்.

புயலால் துறைமுகம் மூடப்பட்டது என்றால் கதை வேறு. வருத்தம் உண்டு, குற்றம் இல்லை. இங்கே 'ரிக்ரெட்' பொருந்தும். 'வி ரிக்ரெட் த டிலே' என்றால் போதும். நடுவில் 'ஃபார்' கூடாது.

இந்தச் சொல்லில்தான் பலரும் சறுக்குகிறார்கள். 'வி ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ' என்றால், கெட்ட செய்தியை இப்போது வருத்தத்துடன் சொல்கிறோம் என்று பொருள். அதையே 'வி ரிக்ரெட் இன்ஃபார்மிங் யூ' என்று மாற்றினால், உங்களிடம் முன்பு சொன்னதற்காக இப்போது வருந்துகிறோம் என்றாகிவிடும். படிக்கும் வாடிக்கையாளர் குழம்பிப்போவார். 'டு' வடிவம் சே, டெல், இன்ஃபார்ம், அனவுன்ஸ் போன்ற, செய்தி சொல்லும் வினைகளோடு மட்டுமே இயல்பாகச் சேரும்.

இந்திய ரயில் நிலையங்களில் ஒலிக்கும் 'இன்கன்வீனியன்ஸ் காஸ்ட் இஸ் டீப்லி ரிக்ரெட்டட்' என்ற வாக்கியம் பல அலுவலகக் கடிதங்களிலும் குடியேறியிருக்கிறது. இலக்கணப் பிழை இல்லை. ஆனால் வருந்துவது யார் என்பது அதில் இல்லை. பெருங்கூட்டத்துக்கான அறிவிப்பில் அது பெரிதாக உறுத்தாது. பெயர் சொல்லி எழுதும் கடிதத்தில் பொறுப்பைத் தட்டிக்கழிப்பதுபோலத் தெரியும். 'வி' என்று தொடங்குவதே நேர்மை.

'சாரி' பெயரடை. அதனால் முழு வாக்கியத்தில் 'வி ஆர் சாரி' என்று 'ஆர்' வர வேண்டும். மற்ற இரண்டையும்விட நெருக்கமான சொல் இது. வாடிக்கையாளரின் கிடங்கில் வெள்ளம் புகுந்ததாகத் தெரிந்தால் 'வி ஆர் சாரி டு ஹியர்' என்று எழுதலாம். அங்கே 'அபாலஜைஸ்' எழுதினால் வெள்ளத்துக்கே நாம் காரணம் என்பதுபோலாகும். அடிக்கடி தென்படும் 'சாரி ஃபார் த லேட்' பிழை. 'லேட்' இங்கே பெயர்ச்சொல் ஆகாது. 'டிலே' என்று எழுத வேண்டும்.

சில நேரம் ஒரே மின்னஞ்சலில் 'ரிக்ரெட்', 'அபாலஜைஸ்' இரண்டும் தேவைப்படும். துறைமுகத்தை மூடியது புயல்தான். ஆனால் அதை வாடிக்கையாளரிடம் உடனே சொல்லாமல் ஐந்து நாள் விட்டது நிறுவனம். அப்போது தாமதத்துக்கு 'வி ரிக்ரெட் த டிலே'. மௌனத்துக்கு 'வி அபாலஜைஸ் ஃபார் நாட் இன்ஃபார்மிங் யூ சூனர்'. அடுத்த வரியில் 24ஆம் தேதி.