முட்டைக்கு ஒரு நாள், விந்தணுவுக்கு ஐந்து நாள்

பள்ளிப் பாடத்தில் கருத்தரித்தல் ஒரு படத்தோடு முடிந்துவிடும். எப்போது நடக்கிறது என்பதை மட்டும் யாரும் விளக்குவதில்லை. குழப்பமெல்லாம் அங்கேதான்.

கருப்பையின் இருபுறமும் பாதாம் பருப்பு அளவில் இரண்டு சினைப்பைகள் இருக்கின்றன. பெண் குழந்தை பிறக்கும்போதே அவற்றில் லட்சக்கணக்கான கருமுட்டைகள் உண்டு. பருவம் வந்த பிறகு மாதந்தோறும் சில முட்டைகள் வளரத் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றுதான் முழுதாக முதிரும். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி எல்.எச். என்ற ஹார்மோனைத் திடீரென்று அதிகமாகச் சுரக்கும். அதிலிருந்து ஏறக்குறைய ஒன்றரை நாளில் முட்டை வெளியே வரும். அதைக் கருக்குழாயின் விரல் போன்ற நுனிகள் உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் ஆயுள் அதிகபட்சம் ஒரு நாள்.

உடலுறவின்போது ஆணின் விந்து பெண்ணின் யோனிக்குள் சேர்கிறது. அதில் கோடிக்கணக்கான விந்தணுக்கள் இருந்தாலும் கருக்குழாய் வரை போய்ச் சேர்பவை சில நூறுதான். ஆனால், முட்டை வெளிவரும் நாட்களில் கருப்பை வாயிலுள்ள சளி நீர்த்து வழுவழுப்பாகிவிடுவதால், அவை ஐந்து நாள் வரைகூட உள்ளே உயிரோடு இருக்கும்.

இதை ஒரு கணக்காகப் பார்க்கலாம். மார்ச் 1 அன்று மாதவிலக்கு தொடங்குகிறது. அடுத்தது 29ஆம் தேதி வரும் என்றால், அதற்கு இரண்டு வாரம் முன்பு, 15ஆம் தேதி வாக்கில் முட்டை வெளிவரும். 11ஆம் தேதி உடலுறவு நடந்திருந்தாலும் கரு உருவாகலாம். விந்தணு காத்திருக்குமே! அடுத்த மாதவிலக்கு ஏப்ரல் 5 வரை தள்ளிப்போனால், முட்டை வந்த நாள் மார்ச் 22 வாக்கில் இருந்திருக்கும். சிக்கல் என்னவென்றால், அடுத்த மாதவிலக்கு எப்போது வரும் என்பது முன்கூட்டித் தெரியாது. வயதுக்கு வந்த முதல் சில ஆண்டுகளில் சுழற்சி தாறுமாறாகவே இருக்கும். ஆகவே, 'இந்த நாள் பாதுகாப்பானது' என்று தோழிகள் சொல்லும் கணக்கை நம்ப முடியாது. ஒரே ஒரு முறை உறவிலும் கருத்தரிக்கலாம். முதல் முறை என்பதற்காகச் சலுகை கிடையாது.

கருக்குழாயின் அகன்ற பகுதியில்தான் சந்திப்பு நடக்கிறது. விந்தணுக்கள் முட்டையின் கெட்டியான உறையைத் துளைக்க முயலும். ஒன்று உள்ளே நுழைந்ததும் முட்டை தன் உறையை மாற்றி மற்றவற்றுக்கு வழியை அடைத்துவிடும். தாயின் 23 குரோமோசோம்களும் தந்தையின் 23ம் சேர்ந்து 46 ஆகும். இதுவே கருவுறுதல்.

அந்தச் சிறு கரு கருப்பைக்கு நகர்ந்து அதன் சுவரில் ஒட்ட ஏறக்குறைய ஒரு வாரமோ சற்றுக் கூடுதலோ ஆகும். கர்ப்பப் பரிசோதனை அட்டை கண்டுபிடிக்கும் ஹார்மோன் அதற்குப் பிறகுதான் சிறுநீரில் தெரியவரும். உறவு கொண்ட மறுநாளே சோதித்தால் 'இல்லை' என்றுதான் காட்டும். மாதவிலக்கு தள்ளிப்போன பிறகு சோதிப்பதே சரியான விடை தரும்.