எட்டு ஜிபிக்குள் ஒரு மொழி மாடல்

சொந்தக் கணினியில் மொழி மாடலை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர்கள் பெரும்பாலும் பிராசஸரைத்தான் முதலில் விசாரிக்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது, கிராபிக்ஸ் கார்டில் எத்தனை ஜிபி நினைவகம் இருக்கிறது என்பதை.

மெட்டா வெளியிட்ட லாமா 3.1 மாடலின் சிறிய வடிவத்தை எடுத்துக்கொள்வோம். அதற்குள் இருப்பவை சுமார் 800 கோடி எண்கள். எண் ஒன்றுக்கு 2 பைட் என்றால் 16 ஜிபி ஆகிவிடும். 8 ஜிபி கார்டில் அதற்கு இடமில்லை. அதனால் ஒவ்வோர் எண்ணையும் ஏறக்குறைய 4 பிட்டாகச் சுருக்கிய கோப்பைத்தான் வீட்டில் பயன்படுத்துகிறோம். Q4_K_M என்று பெயரிட்டிருக்கும் அந்தக் கோப்பு 4.9 ஜிபிதான். பதிலின் தரம் சற்றே குறையும். அன்றாடச் சோதனைகளுக்கு அது பெரிய இழப்பில்லை என்பது என் கருத்து.

கோப்பு 5 ஜிபி, கார்டு 8 ஜிபி, போதும் என்று பலர் கணக்கை அங்கேயே முடித்துவிடுகிறார்கள். சிக்கல் அதற்குப் பிறகுதான் வருகிறது. உரையாடலில் இதுவரை வந்த ஒவ்வொரு டோக்கனுக்கும், அதாவது மாடல் படிக்கும் சொல் துண்டுக்கும், இந்த மாடல் 128 கேபி குறிப்பு வைத்துக்கொள்கிறது. 8,192 டோக்கனுக்கு 1 ஜிபி. 32,768 டோக்கனுக்கு 4 ஜிபி. முதல் கணக்கு கார்டில் அடங்கும், இரண்டாவது அடங்காது. தமிழில் எழுதுகிறவர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். தமிழ்ச் சொல் பல துண்டுகளாக உடைவதால், அதே செய்திக்கு ஆங்கிலத்தைவிட அதிக டோக்கன் செலவாகிறது.

அடங்காவிட்டால் ஒல்லாமா மென்பொருள் மாடலின் ஒரு பகுதியைச் சாதாரண ரேமுக்குத் தள்ளிவிடும். பிழைச் செய்தி எதுவும் வராது. பதில் மட்டும் ஊர்ந்து வரும். மாடல் ஓடிக்கொண்டிருக்கும்போதே வேறொரு ஜன்னலில் இதைத் தட்டிப் பாருங்கள்:

```
ollama ps
```

`100% GPU` என்று வந்தால் முழுவதும் கார்டில் இருக்கிறது. `CPU/GPU` என்று இரண்டு விழுக்காடுகள் தெரிந்தால் வழிந்துவிட்டது. அப்போது உரையாடலின் அளவைக் குறைக்கலாம்:

```
/set parameter num_ctx 8192
```

வழிந்தால் ஏன் இத்தனை மந்தம்? ஒரு டோக்கனை எழுத, மாடலின் எல்லா எண்களையும் ஒருமுறை படித்தாக வேண்டும். இரண்டு டிடிஆர்4-3200 ரேம் சேர்ந்து விநாடிக்கு 51 ஜிபி தரும். 4.9 ஜிபி மாடலை அதில் விநாடிக்குப் பத்து முறைதான் படிக்க முடியும். எனவே பத்து டோக்கன்தான் உச்சம். மேசைக் கணினிக்கான 12 ஜிபி ஆர்டிஎக்ஸ் 3060 கார்டு 360 ஜிபி தருகிறது. அங்கே உச்சம் எழுபதைத் தாண்டும்.

வாங்கும்போது கார்டின் பெயரை மட்டும் நம்ப வேண்டாம். அதே 3060, மடிக்கணினியில் 6 ஜிபியுடன்தான் வருகிறது.