வாய்க்காலில் வெட்டிய மண் எவ்வளவு? நீங்களே கணக்குப் பாருங்கள்

மேட்டூர் அணை வழக்கமாகத் திறக்கப்படும் ஜூன் 12-க்கு முன்னால், காவிரிப் பாசனப் பகுதியில் தூர்வாரும் வேலை நடக்கும். நாலு நாள் ஜேசிபி ஓடும், கரையில் மண் குவியும், அப்புறம் தண்ணீர் வந்து எல்லாவற்றையும் மூடிவிடும். எவ்வளவு மண் எடுத்தார்கள் என்பது பில்லில் மட்டுமே இருக்கும். அந்த பில்லைச் சரிபார்க்க நமக்கு எட்டாம் வகுப்புக் கணக்கே போதும்.

ஒரு கிளை வாய்க்காலை எடுத்துக்கொள்வோம். மேல் அகலம் 3 மீட்டர், அடி அகலம் 1 மீட்டர், ஆழம் 1 மீட்டர். மேலே விரிந்து கீழே குறுகும் இந்த வடிவம்தான் சரிவகம். இரண்டு அகலத்தையும் கூட்டிப் பாதியாக்கி ஆழத்தால் பெருக்கினால் 2 சதுர மீட்டர். அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் குழியின் கொள்ளளவு 2 கன மீட்டர்.

ஆனால் தண்ணீர் அவ்வளவு நிற்காது. கரை வழியாமல் இருக்க மேலே கால் மீட்டரை விட்டுவிட்டால், 75 சென்டிமீட்டர் ஆழத்தில் நீர்மட்டத்தின் அகலம் 2.5 மீட்டர். அப்போது மீட்டருக்குச் சுமார் 1,312 லிட்டர்தான். 2,000 லிட்டர் இல்லை.

மண் கணக்கில்தான் ஏமாற்று அதிகம். தூர்ந்துபோன வாய்க்காலிலும் பள்ளம் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். நம் வாய்க்காலில் 40 சென்டிமீட்டர் ஆழம் மிச்சம் என்றால், வண்டலின் மேல்மட்டத்தில் அகலம் 2.2 மீட்டர். அந்தப் பழைய பள்ளம் மட்டும் மீட்டருக்கு 1.04 கன மீட்டர். ஆகவே எடுக்க வேண்டிய மண் வெறும் 0.96 கன மீட்டர். 600 மீட்டர் நீளத்துக்கு 576 கன மீட்டர். பழைய பள்ளத்தைக் கழிக்காமல் எழுதினால் அதுவே 1,200 ஆகிவிடும்! கரையில் கிடக்கும் குவியலை அளந்து சமாதானமாகவும் வேண்டாம். வெட்டிய மண் உதிர்ந்து பருத்துத்தான் கிடக்கும். குழியைத்தான் அளக்க வேண்டும்.

வேலை தொடங்கும் முன்பே இரு கரைக்கும் குறுக்கே கயிறு கட்டி, நடுவில் அளவுகோலை இறக்கி ஆழத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அகலத்தையும் எழுதிப் படம் எடுத்து வையுங்கள். வேலை முடிந்ததும் அதே இடங்களில் மீண்டும் அளக்க வேண்டும். ஒரே இடத்தை அளந்து பயனில்லை. சாலை ஓரத்தில் ஆழமாகவும் உள்ளே மேலோட்டமாகவும் வெட்டியிருக்கலாம்.

உங்கள் அளவை ஒப்பிட்டுப் பார்க்க, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, வேலையைச் செய்யும் துறையின் பொதுத் தகவல் அலுவலரிடம் மதிப்பீடு, வேலைக்கு முந்தைய அளவு, அளவுப் புத்தகம் ஆகியவற்றின் நகல் கேளுங்கள். பணியை நேரில் பார்வையிடும் உரிமையும் அதே சட்டத்தில் உண்டு. 30 நாளில் பதில் வராவிட்டால் முதல் மேல்முறையீடு செய்யலாம்.

அந்த 30 நாளையும் கணக்கில் வைத்து, மதிப்பீட்டுக்கும் வேலைக்கு முந்தைய அளவுக்குமான மனுவை ஏப்ரலிலேயே போட்டுவிடுங்கள். தண்ணீர் வந்தபின் அளக்கக் குழி தெரியாது.