இடது பக்கம் வந்த மவுஸ்

மவுஸைத் தூக்கி விசைப்பலகையின் இடப்பக்கம் வைத்துவிட்டால் போதும், இடக்கைக்காரர்களுக்கு வேலை முடிந்தது என்று பலர் நினைக்கிறார்கள். கை வசதியாக அமர்ந்துவிடும், விரல்கள்தான் தடுமாறும். எதையும் தேர்ந்தெடுக்க, திறக்க, இழுக்க நாம் அழுத்துவது மவுஸின் இடது பட்டனை. வலக்கையில் அங்கே ஆள்காட்டி விரல் இருக்கும். இடக்கையிலோ அந்த இடத்தில் நடுவிரல் போய் விழும். ஆள்காட்டி விரல் எப்போதாவது பயன்படும் வலது பட்டனில் சும்மா கிடக்கும். ஒரு நாளில் ஆயிரக்கணக்கில் நடக்கும் கிளிக் வேலையை எந்த விரலிடம் கொடுப்பது என்பதுதான் முதல் கேள்வி.

விண்டோஸ் 11-ல் இதை மாற்ற Settings-க்குள் போய் Bluetooth & devices, அதற்குள் Mouse என்று செல்லவேண்டும். மேலேயே இருக்கும் Primary mouse button என்ற வரியில் Left என்பதை Right ஆக்கினால் போதும். சேமிக்கத் தனியாக எதையும் அழுத்த வேண்டியதில்லை, அந்த நொடியே பட்டன்கள் இடம் மாறிவிடும். பலர் திகைப்பது இங்கேதான். மனம் மாறி உடனே பழையபடி வைக்கலாம் என்று இடது பட்டனை அழுத்தினால் அது இப்போது குறுக்குப் பட்டியலைத்தான் காட்டும். திரும்பிப் போகவும் வலது பட்டனைத்தான் அழுத்தவேண்டும். அன்றிலிருந்து யாராவது “ரைட் கிளிக் பண்ணு” என்றால் நீங்கள் அழுத்தவேண்டியது இடது பட்டன்.

இந்த மாற்றம் கணினியில் செருகியிருக்கும் எல்லா மவுஸுக்கும் சேர்ந்தே நடக்கும். இரண்டு மவுஸைச் செருகி ஒன்றை வலக்கைக்கும் மற்றதை இடக்கைக்கும் என்று விண்டோஸில் பிரித்து வைக்க முடியாது. ஆனால் ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் அமைப்பு தனித்தனி. ஒரே கணினியை இருவர் பகிர்ந்துகொள்ளும் அலுவலகத்தில் ஆளுக்கொரு கணக்கு வைத்துக்கொள்வதே சண்டையில்லாத வழி. அது முடியாத இடத்தில் பட்டனை மாற்றாமல் நடுவிரலாலேயே கிளிக் செய்து பழகிவிடும் இடக்கைக்காரர்களும் உண்டு.

எனக்குத் தெரிந்த ஒருவர் ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறார். பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். எழுதுவது இடக்கை, மவுஸ் மட்டும் பள்ளிக் காலம் முதல் வலக்கை. எக்செல் பட்டியல்களில் நாள் முழுக்க எண்களை அடிப்பவர். எண் அடிக்க விசைப்பலகையின் வலது ஓரத்து எண்பலகை, கட்டத்தைத் தேர்ந்தெடுக்க அதற்கும் வலப்பக்கம் இருக்கும் மவுஸ் என்று ஒரே கை இரண்டுக்கும் இடையில் போய்வந்துகொண்டே இருந்தது. மவுஸ் இடப்பக்கம் போனதும் வலக்கை எண்பலகையை விட்டு நகரத் தேவையில்லாமல் போனது. இதில் ஒரு சிக்கலும் வந்தது. நகலெடுக்கும் Ctrl+C, ஒட்டும் Ctrl+V இரண்டும் விசைப்பலகையின் இடப்பக்கத்தில் இருக்கின்றன, இடக்கையோ மவுஸில். அதற்கு விண்டோஸிலேயே பழைய மாற்று உண்டு. Ctrl+Insert நகலெடுக்கும், Shift+Insert ஒட்டும். வலப்பக்கத்து Ctrl, Shift விசைகளோடு சேர்த்து அழுத்தினால் வலக்கை ஒன்றே போதும்.

இரண்டாவது, அம்புக்குறியின் வேகம். இதற்கும் அடுத்து வரும் டபுள் கிளிக்குக்கும் பழைய கட்டுப்பாட்டுப் பெட்டிதான் வசதி. விண்டோஸ் விசையோடு R அழுத்தி வரும் சிறு பெட்டியில் இதைத் தட்டச்சு செய்யுங்கள்:

```
main.cpl
```

Pointer Options என்ற தாவலில் 11 படிகள் கொண்ட வேகக் கோடு இருக்கும். நடுவிலுள்ள 6-வது படியில்தான் புதுக் கணினி இருக்கும். எது சரியான வேகம் என்பதை மணிக்கட்டே சொல்லும். அம்புக்குறியைத் திரையின் இடது ஓரத்திலிருந்து வலது மேல்மூலையில் இருக்கும் மூடும் குறிக்குக் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். வழியில் மவுஸைத் தூக்கித் தூக்கி வைக்கவேண்டி வந்தால் வேகம் போதாது. குறியைத் தாண்டிப் போய்த் திரும்பி வந்தால் வேகம் அதிகம். ஒரு நேரத்தில் ஒரு படி மட்டும் மாற்றுங்கள்.

அதே தாவலில் Enhance pointer precision என்றொரு கட்டம் இருக்கிறது. அது டிக் செய்யப்பட்டிருந்தால் மவுஸை வேகமாக நகர்த்தும்போது அம்புக்குறி கூடுதல் தூரம் பாயும், மெதுவாக நகர்த்தினால் குறைவாகப் போகும். நெடுநாள் பழகிய கைக்கு இது உதவி. கை புதிதாகப் பழகும் நாட்களில் அம்புக்குறி எங்கே போய் நிற்கும் என்று கணிக்க முடியாமல் செய்துவிடும். மெதுவாக நகர்த்தினால் சரியாக நிற்கிறது, சட்டென்று இழுத்தால் மட்டும் தாண்டிப் போகிறது என்றால் வேகக் கோட்டைத் தொடாமல் இந்தக் கட்டத்தின் டிக்கை எடுத்துப் பாருங்கள்.

டபுள் கிளிக்கில் இரண்டாவது அழுத்தம் எவ்வளவு நேரத்துக்குள் வரவேண்டும் என்று விண்டோஸ் ஒரு கெடு வைத்திருக்கிறது. வழக்கமாக அது 500 மில்லிநொடி, அதாவது அரை நொடி. கோப்பைத் திறக்கப் போனால் அதன் பெயர் நீலமாகி, மாற்றி எழுதச் சொல்லிக் காத்திருக்கிறதா? கெடுவுக்குள் விரல் வரவில்லை, விண்டோஸ் அதை இரண்டு தனிக் கிளிக்குகளாக எடுத்துக்கொண்டது என்று அர்த்தம். Buttons தாவலில் Double-click speed கோட்டை Slow பக்கம் நகர்த்தினால் கெடு நீளும். பக்கத்தில் ஒரு கோப்புறைப் படம் இருக்கும். அதை டபுள் கிளிக் செய்யும்போது படம் திறந்தால் உங்கள் விரல் வேகம் ஏற்கப்பட்டுவிட்டது. இரண்டு அழுத்தங்களுக்கு நடுவில் கை நழுவினாலும் டபுள் கிளிக் தோற்கும். அப்போது கோப்பு சற்று இழுபட்டு நகரும், அதற்குக் கெடுவை நீட்டுவது மருந்தாகாது. மவுஸை அழுத்திப் பிடிக்காமல் உள்ளங்கையை மேசையில் ஊன்றிக் கிளிக் செய்யவேண்டும்.

சக்கரத்தின் அமைப்பு எளிது. ஒரு சொடுக்குக்கு 3 வரி என்பது இயல்பு. நீண்ட பட்டியல்களில் வேலை செய்பவர் Lines to scroll at a time என்பதில் 5 அல்லது 6 வைக்கலாம். வரி வரியாகச் சரிபார்ப்பவருக்கு 1 போதும்.

இத்தனையும் செய்தபின் ஒரு பழுது மட்டும் எந்த அமைப்புக்கும் அடங்காது. ஒருமுறை அழுத்தினாலே இரண்டு கிளிக் விழுவது. பட்டனுக்கு அடியிலுள்ள சுவிட்ச் தேய்ந்து துள்ளுவதால் வருவது இது. அந்தத் துள்ளல் கண்ணிமைக்கும் நேரத்தைவிடச் சின்னது என்பதால் Double-click speed-ஐ Fast பக்கம் தள்ளினாலும் நிற்காது. அமைப்பிலா சுவிட்சிலா பழுது என்று அறிய, பட்டன்களை மாற்றிப் பாருங்கள். கோளாறு அதே பட்டனிலேயே இருந்தால் சுவிட்ச்தான் காரணம். பெரும்பாலும் முதலில் தேய்வது வலக்கைக்காரர் ஓயாமல் அழுத்திய இடது பட்டன். அதனால் வீட்டில் ஒதுக்கிவைத்த பழைய மவுஸ், இருபுறமும் ஒரே வளைவுள்ளதாக இருந்தால், இடக்கைக்காரருக்கு இன்னும் கொஞ்ச நாள் உழைக்கும். அதன் தேயாத பட்டன்தான் இனி அவருடைய முக்கியப் பட்டன்.