தமிழ்த் தளங்கள் ஏன் ஒரே சாயலில் இருக்கின்றன?

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு கடைக்கு வேர்ட்பிரஸில் இணையதளம் அமைப்பதாக வைத்துக்கொள்வோம். டெம்ப்ளேட் தேடும்போது நம்மை மயக்குவது அதில் வரும் மாதிரிப் படங்கள்தான். அவற்றை எடுத்துவிட்டு, கடையில் போனில் எடுத்த நாலு படங்களையும் தமிழில் ஒரு நீளமான தலைப்பையும் போட்டுப் பாருங்கள். அப்போதும் பக்கம் குலையாமல் நின்றால் அந்த டெம்ப்ளேட்டை எடுக்கலாம்.

அடுத்தது எழுத்துரு. தமிழ்த் தளங்கள் பலவும் ஒன்றுபோல் தெரிவதற்கு முக்கியக் காரணம் இதுதான் என்பேன். ஆங்கிலத்தை மனதில் வைத்துச் செய்த டெம்ப்ளேட்டுகளில் வரும் எழுத்துருக்கள் பெரும்பாலானவற்றில் தமிழ் எழுத்துகளே கிடையாது. அங்கே தமிழில் எழுதினால், பிரவுசர் அந்தந்தக் கருவியில் இருக்கும் தமிழ் எழுத்துருவை எடுத்துப் போட்டுக்கொள்ளும். விண்டோஸில் அது பொதுவாக நிர்மலா; ஆண்ட்ராய்டில் நோட்டோ. எழுத்துருப் பட்டியலில் வேறொன்றைத் தேர்ந்தெடுங்கள். ஆங்கில எழுத்து மாறி, தமிழ் அப்படியே இருந்தால் சங்கதி இதுதான்.

வேர்ட்பிரஸ் 6.5 முதல், பிளாக் தீம்களில் இதற்கு வழி எளிது. Editor-இல் Styles, அதற்குள் Typography பகுதிக்குப் போய் கூகுள் எழுத்துருக்களைச் சேர்க்கலாம். ஜமக்காளக் கடையின் தலைப்புகளுக்குத் தடித்த அனெக் தமிழ், விவரங்களுக்கு முக்தா மலர் என்று வைப்பேன். இரண்டுக்கு மேல் வேண்டாம். ஒவ்வொன்றிலும் பயன்படுத்தும் தடிமனை மட்டும் சேருங்கள். எல்லாவற்றையும் ஏற்றினால் பக்கம் திறக்கத் தாமதமாகும். மேலே கொக்கியும் கீழே வளைவும் உள்ள நம் எழுத்துக்கு வரி இடைவெளி கூடுதலாக வேண்டும். 1.7 அளவில் தொடங்கிப் பாருங்கள். தலைப்பில் ‘கி’யின் கொக்கி மேல்வரியின் ‘கு’வைத் தொட்டால் அங்கேயும் இடைவெளியைக் கூட்ட வேண்டும்.

நிறத்தை வெளியில் தேட வேண்டாம், துணியிலேயே இருக்கிறது. ஆனால் ஜமக்காளத்தின் எல்லாக் கோடுகளையும் தளத்தில் இறைத்தால் கண் கூசும். அடர்சிவப்பு ஒன்றை எடுத்து, பொத்தானுக்கும் இணைப்புகளுக்கும் மட்டும் கொடுங்கள். பின்னணி வெளிர்நிறம், எழுத்து ஏறக்குறைய கருப்பு. மஞ்சள் பொத்தானில் வெள்ளை எழுத்து வைத்தால் வெயிலில் போன் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாது. எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 வேறுபாடு வேண்டும் என்பது அணுகல்தன்மை விதி. இதை அளந்து சொல்லும் இலவசத் தளங்கள் உண்டு.

லோகோவில் கடையின் முழுப்பெயரை எழுதுவது தலைப்பகுதிக்குப் பொருந்தும். பிரவுசர் தாவலில் அதே படம் ஒரு பொட்டு அளவுக்குச் சுருங்கிவிடும், பெயர் அழுக்குப்போலத் தெரியும். அதற்கென்று 512 பிக்சல் சதுரத்தில் தனிப்படம் செய்து, Site Icon என்ற இடத்தில் ஏற்றுங்கள். இந்தக் கடைக்கு மூன்று நிறக் கோடுகளே போதும்.